விடை இல்லையா, எல்லை இல்லையா?

தீவன ஆலைகள், போக்குவரத்து நிறுவனங்கள், மின்வாரியங்கள் எல்லாம் தங்கள் கணக்கை 'சால்வர்' என்னும் மென்பொருளிடம் கொடுக்கின்றன. இருக்கும் நிபந்தனைகளுக்குள் செலவு மிகக் குறைந்த வழி எது என்று அது தேடித் தரும். எண்களைத் தருமுன் அது ஒரு நிலைச் செய்தியைச் சொல்லும். பலர் அதைப் படிக்காமலே எண்களுக்குத் தாவிவிடுகிறார்கள். கோளாறு எங்கே என்று காட்டுவது அந்தச் செய்திதான்.

100 கிலோ மாட்டுத் தீவனம் கலக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதம், விலை கிலோ 25 ரூபாய். கடலைப் புண்ணாக்கில் புரதம் 45 சதவீதம், விலை 45 ரூபாய். கலவையில் குறைந்தது 20 கிலோ புரதம் வேண்டும். சால்வர் OPTIMAL என்று சொல்லி, சோளம் 69.44 கிலோ, புண்ணாக்கு 30.56 கிலோ, செலவு 3,111 ரூபாய் என்று தருகிறது. எழுதிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு இதைவிட மலிவான கலவை கிடையாது. 'எழுதிய' என்பதுதான் இங்கே முக்கியம். புரத வரியில் 'குறைந்தது' என்பதற்குப் பதில் 'அதிகபட்சம்' என்று குறி மாறியிருந்தால், வெறும் சோளம் 100 கிலோ, 2,500 ரூபாய் என்று விடை வரும். அப்போதும் திரையில் OPTIMAL என்றுதான் இருக்கும்.

கிடங்கில் புண்ணாக்கு 25 கிலோதான் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் INFEASIBLE வரும். 25 கிலோ புண்ணாக்கும் 75 கிலோ சோளமும் சேர்ந்தால் புரதம் 18 கிலோவைத் தாண்டாது. எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றும் கலவையே இல்லை என்பதுதான் செய்தி. UNBOUNDED என்றால் செலவைக் குறைத்துக்கொண்டே போகலாம், தடுக்க ஒரு வரியும் இல்லை என்று பொருள். நிஜத்தில் அப்படி நடக்காது. எனவே பெரும்பாலும் ஏதோ ஒரு வரம்பு விடுபட்டிருக்கும், அல்லது ஒரு குறி மாறியிருக்கும்.

குழப்பம் தருவது நான்காவது செய்தி. குரோபி என்ற பிரபல சால்வரில் அதன் பெயர் INF_OR_UNBD. விடை இல்லை அல்லது எல்லை இல்லை, இரண்டில் எது என்று சொல்லமாட்டேன் என்கிறது. இது எப்படி வருகிறது?

நம் கணக்கில் தாது உப்பைச் சேர்க்கிறோம். அதன் விலை 60 ரூபாய் என்பது தவறுதலாக −60 என்று பதிவாகிவிட்டது. எடைக் கணக்கிலும் அதைச் சேர்க்க மறந்துவிட்டோம். சால்வர் முழுக் கணக்கில் இறங்குமுன், 'ப்ரீசால்வ்' என்ற கட்டத்தில் கணக்கைச் சுருக்கிப் பார்க்கும். தாது உப்பு எந்த நிபந்தனையிலும் இல்லை, கூட்டக் கூட்டச் செலவு குறைகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஏதாவது ஒரு கலவை சாத்தியமானால் கணக்கு எல்லையற்றது. சாத்தியமே இல்லையென்றால் விடை இல்லை. எது உண்மை என்று பார்க்காமலே அது அங்கு நின்றுவிடுகிறது. வேலையை மிச்சப்படுத்தும் நிறுத்தம் அது, மென்பொருளின் பிழை அல்ல.

இரண்டையும் பிரிக்க நம்பகமான வழி, செலவை மறக்கச் சொல்வது. குறிக்கோளைச் சுழியமாக்கி மறுபடி ஓட்டினால், நிபந்தனைகள் ஒத்துப்போகின்றனவா என்ற கேள்வி மட்டும் மிஞ்சும்:

```python
m.setObjective(0)
m.optimize()
if m.Status == GRB.INFEASIBLE:
    m.computeIIS()
    m.write("muran.ilp")
```

விடை வந்தால், முதல் கணக்கு எல்லையற்றது. வராவிட்டால், நிபந்தனைகள் மோதுகின்றன. `DualReductions` என்ற அமைப்பை 0 ஆக்கி ஓட்டும் வழியும் உண்டு. ஆனால் அதன்பின் UNBOUNDED வந்தால் நிம்மதி அடையக் கூடாது. குரோபியில் அந்தச் சொல், செலவு முடிவின்றிக் குறையும் ஒரு திசை இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. சாத்தியமான கலவை இருக்கிறது என்று உறுதி தருவதில்லை.

நம் கணக்கில் சுழியக் குறிக்கோள் INFEASIBLE என்று காட்டும். `computeIIS` எழுதும் கோப்பில் மூன்று வரிகள்தான் இருக்கும்: மொத்தம் 100 கிலோ, புரதம் 20 கிலோ, புண்ணாக்கு 25 கிலோ. இவற்றில் எந்த ஒன்றை எடுத்தாலும் மற்ற இரண்டும் ஒத்துப்போகும். எதைத் தளர்த்துவது என்பதைக் கணினி சொல்லாது, ஆலைக்காரர்தான் சொல்ல வேண்டும். அவர் இன்னும் 10 கிலோ புண்ணாக்கு வாங்கச் சம்மதிக்கிறார். உண்மையான குறிக்கோளைத் திரும்ப வைத்து ஓட்டினால், இப்போது தாது உப்பின் தவறு தனியாகத் தலைகாட்டும். ஒரு செய்திக்குப் பின்னால் இரண்டு பிழைகள் ஒளிந்திருந்தன.

விலையின் குறியைத் திருத்தியதும் OPTIMAL வருகிறது, செலவு அதே 3,111 ரூபாய். ஆனால் கலவையில் தாது உப்பு சுழியம். காசு கொடுத்து வாங்கும் பொருளை, யாரும் கேட்காதபோது சால்வர் ஏன் சேர்க்கும்? குறைந்தது 2 கிலோ என்று ஒரு வரி எழுதி, மொத்த எடையிலும் அதைச் சேர்த்த பிறகு சோளம் 66.94, புண்ணாக்கு 31.06, தாது உப்பு 2 கிலோ, செலவு 3,191 ரூபாய் என்று வருகிறது. மாட்டுக்குப் போடக்கூடிய கலவை இதுதான்.