அடக்க முடியாத அவசரத்துக்கு ஒரு நோட்டு

பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் புடவை நனைந்துவிடுகிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் 68 வயது அம்மாவிடம் டாக்டர் முதலில் கேட்பது மூன்று நாள் கணக்கு. எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், அளவுக் குவளையில் எத்தனை மில்லி, அவசரம் வந்ததா, கசிந்ததா என்று எழுதினால் போதும்.

காலையில் இரண்டு டம்ளர் காபி, பிறகு மணிக்கொரு தடவை 100 மில்லி என்று நோட்டு சொன்னால், 300 மில்லிக்கு மேல் தாங்கக்கூடிய பை நிறையும் முன்பே அவசரப்படுத்துகிறது என்று பொருள். காபியைக் குறைத்துவிட்டு, வந்தாலும் வராவிட்டாலும் மணிக்கொரு முறை போக வேண்டும். ஒரு வாரம் கசியாமல் இருந்தால் இடைவெளியை 15 நிமிடம் கூட்டலாம். இலக்கு மூன்று மணி நேரம். நடுவில் முட்டினால் ஓடாதீர்கள். உட்கார்ந்து, காற்றை அடக்குவதுபோல் அடித்தசையை ஐந்தாறு முறை சுருக்கித் தளர்த்துங்கள். அவசரம் தணிந்ததும் நடந்து போகலாம். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும்.

பயந்துபோய்த் தண்ணீரை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தப்பு. சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் உறுத்தும். எரிச்சல், ரத்தம், முக்கியும் வராத நிலை இருந்தால் பயிற்சியை விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.