மோட்டாரைப் பிரிக்காமலே அதன் உள்கணக்கு

பெரும்பாலான மும்முனை இன்டக்ஷன் மோட்டார்களின் ரோட்டரிலிருந்து வெளியே எந்த வயரும் வருவதில்லை. அணில்கூண்டு வகையில் அலுமினியப் பட்டைகள் இரும்புக்குள் புதைந்திருக்கும். இரு பக்கமும் வளையங்கள் அவற்றை இணைத்துவிடும். அங்கே மீட்டர் வைக்க வழியில்லை. ஆனாலும் மோட்டார் எவ்வளவு சுமையில் எந்த வேகத்தில் ஓடும், எவ்வளவு மின்னோட்டம் இழுக்கும் என்று கணக்கிட ரோட்டரின் மின்தடை தெரிந்தாக வேண்டும். அதற்காகவே மோட்டாரைச் சில தடைகளும் சுருள்களும் கொண்ட ஒரு சமானச் சுற்றாக வரைந்து, ஸ்டேட்டரின் மூன்று முனைகளில் எடுத்த அளவுகளிலிருந்து அந்த உறுப்புகளின் மதிப்பைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்தச் சுற்றில் ஸ்டேட்டரின் தடை R1, ரோட்டரின் தடை R2, இரு பக்கமும் கசியும் காந்தப் பாயத்தால் வரும் மின்மறுப்புகள் X1, X2, நடுவே காந்தப்புலத்தை உண்டாக்கும் கிளையின் மின்மறுப்பு Xm ஆகியவை இருக்கும். ரோட்டர் தடை மட்டும் R2 ஆக நிற்காமல் R2/s என்று வரும். s என்பது ஸ்லிப்: சுழலும் காந்தப்புலத்தைவிட ரோட்டர் எந்த விகிதத்தில் பின்தங்குகிறது என்பதன் அளவு. சோதனைகளுக்கு வழிவிடுவது இந்த s தான். மோட்டார் சுமையின்றிச் சுழன்றால் s கிட்டத்தட்ட பூஜ்யம். R2/s மிகப் பெரிதாகி, ரோட்டர் கிளை திறந்து கிடப்பதுபோல் ஆகிவிடும். ரோட்டரைச் சுழலவிடாமல் பிடித்துக்கொண்டால் s ஒன்றாகும். அப்போது ரோட்டர் கிளை முழுமையாக வெளிப்படும்.

5 குதிரைத்திறன், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 4 துருவ மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிணற்றுப் பம்புக்குப் பொருத்தும் அளவுதான். முழுச் சுமை மின்னோட்டம் 7.5 ஆம்பியர். முதலில் இரு முனைகளுக்கிடையே நேர்மின்னோட்டம் செலுத்தித் தடையை அளக்க வேண்டும். 3 ஓம் வந்தால், மோட்டாரை ஸ்டார் இணைப்பாகக் கருதும்போது ஒரு முனைக்கு R1 = 1.5 ஓம். உள்ளே டெல்டாவாக இருந்தாலும் இந்தப் பாதிக் கணக்கு பொருந்தும். மோட்டார் ஓடிச் சூடாக இருக்கும்போது அளப்பது நல்லது. குளிர்ந்த வயரின் தடை குறைவாகவே காட்டும்.

அடுத்தது சுமையற்ற சோதனை. தண்டில் எதையும் இணைக்காமல் 415 வோல்ட் கொடுத்து மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு அளவெடுக்கிறார்கள். மின்னோட்டம் 3.5 ஆம்பியர். இரண்டு வாட்மீட்டர்களில் ஒன்று 870 வாட் காட்டுகிறது. மற்றொன்றின் முள் பூஜ்யத்துக்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கிறது. மீட்டர் கெட்டுவிடவில்லை. சுமையின்றி ஓடும் மோட்டாரின் திறன் காரணி 0.5-க்கு வெகு கீழே, இங்கே 0.12 அளவில் இருப்பதால்தான் அப்படி. அந்த மீட்டரின் சுருள் ஒன்றின் இணைப்பை மாற்றினால் 570 காட்டும். அதை எதிர்க்குறியோடுதான் எடுக்க வேண்டும். 870-இல் 570 போக 300 வாட். மாணவர்கள் பரிசோதனைக்கூடத்தில் இரண்டையும் கூட்டி 1440 என்று எழுதிவிடுவதுண்டு. வேலையே செய்யாத சிறு மோட்டார் அவ்வளவு விழுங்குமா என்று கேட்டாலே பிழை பிடிபட்டுவிடும்.

இந்த 300 வாட்டில் ஸ்டேட்டர் வயரின் சூடாகப் போவது 55 வாட். மீதி 245 வாட் இரும்பு இழப்பும் உராய்வும் சேர்ந்தது. இரண்டையும் பிரிக்க, வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் மீதத் திறனை வோல்டேஜின் வர்க்கத்துக்கு எதிரே வரைபடமாக வரைய வேண்டும். ஏறக்குறைய ஒரு நேர்கோடு கிடைக்கும். அதைப் பூஜ்ய வோல்டேஜ் வரை நீட்டினால் வெட்டும் இடமே உராய்வு. இங்கே 85 வாட் என்று கொள்வோம். வோல்டேஜ் மிகவும் குறைந்து மின்னோட்டம் மறுபடி ஏறத் தொடங்கினால் அதோடு நிறுத்திவிட வேண்டும்; ஸ்லிப் கூடிவிட்டது என்பதற்கு அது அடையாளம். மின்மறுப்புக் கணக்கில் ஒரு முனைக்கு 240 வோல்ட், 3.5 ஆம்பியர் என்பதிலிருந்து X1, Xm இரண்டும் சேர்ந்து 68 ஓம் வருகிறது.

ரோட்டரைப் பூட்டிச் செய்யும் சோதனையில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். தண்டை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்விட்சைப் போட்டால் முழுச் சுமையைப்போல் பல மடங்கு மின்னோட்டம் பாயும். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்பதையும் முன்னரே பார்த்துவைத்தால்தான் பிடிப்பைச் சரியான பக்கம் கட்டலாம். விசிறி ஓடாததால் சூடு சட்டென ஏறும். அளவை விரைந்து குறித்துக்கொண்டு நிறுத்திவிட வேண்டும். 85 வோல்ட்டிலேயே மின்னோட்டம் 7.5 ஆம்பியரைத் தொடுகிறது. திறன் 500 வாட். இதிலிருந்து மொத்தத் தடை 2.96 ஓம், மொத்தக் கசிவு மின்மறுப்பு 5.8 ஓம்.

இந்த 5.8 ஓமில் ஸ்டேட்டருக்கு எவ்வளவு, ரோட்டருக்கு எவ்வளவு என்பதைச் சோதனை சொல்லாது. சாதாரண அணில்கூண்டு மோட்டாருக்கு 40:60 என்று பிரிப்பது வழக்கம். ஆக X1 = 2.3, X2 = 3.5, 68-இல் 2.3 போக Xm = 65.7. 2.96-இல் R1-ஐக் கழித்தால் கிடைக்கும் 1.46 ஓம் இன்னும் R2 ஆகிவிடாது. காந்தக் கிளையும் இணையாக நிற்பதால் ஒரு திருத்தம் தேவை:

R2 = 1.46 × ((65.7 + 3.5) / 65.7)² = 1.62 ஓம்

இந்த எண்களை வைத்து 4.5 சதவீத ஸ்லிப்புக்குக் கணக்கிட்டால் தண்டில் ஏறக்குறைய 3.75 கிலோவாட், பயனுறுதிறன் 85 சதவீதம், வேகம் நிமிடத்துக்கு 1432 சுற்று என்று வருகிறது. ஆனால் பெயர்ப்பலகையில் 1445 இருக்கிறது. முழுச் சுமையில் டேக்கோமீட்டரும் அதையே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரோட்டர் சூடானதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. சூடானால் தடை கூடி வேகம் குறையவே வேண்டும். காரணம் அதிர்வெண். பூட்டிய ரோட்டரில் ஓடுவது 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம். சுழலும்போதோ 2 ஹெர்ட்ஸ் அளவுதான். 50 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் அலுமினியத்தில் சுமார் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். பட்டை அதைவிட ஆழமானால் அதன் அடிப்பகுதி ஏறக்குறைய வேலையின்றிக் கிடக்கும். தடை கூடித் தெரியும். 1445 சுற்று என்றால் ஸ்லிப் 3.7 சதவீதம், அதற்குப் பொருந்தும் R2 ஏறக்குறைய 1.3 ஓம்.

இதனால்தான் அமெரிக்காவின் ஐஇஇஇ 112 தரநூல், பூட்டிய சோதனையை இயல்பு அதிர்வெண்ணின் கால்பங்குக்கு மேல் போகாமல் செய்யும் முறையையும் தருகிறது. 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 12.5 ஹெர்ட்ஸ். அங்கே கிடைத்த மின்மறுப்பை நான்கால் பெருக்கிக்கொள்ள வேண்டும். தடை அப்படியே பயன்படும். இதற்கு அதிர்வெண்ணை மாற்றித் தரும் மின்வழங்கி தேவை. சிறிய மோட்டார்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் குறைவு. ஆழமான பட்டையும் இரட்டைக் கூண்டும் உள்ள பெரிய மோட்டார்களில் புறக்கணிக்க முடியாது.

இதற்காக 50 ஹெர்ட்ஸில் எடுத்த 1.62 ஓமைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மோட்டார் கிளம்பும் நொடியில் ரோட்டரில் இருப்பது 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால், தொடக்க முறுக்குவிசையைக் கணக்கிட அதுவே சரியான எண். தொடக்க மின்னோட்டத்தை மட்டும் 85 வோல்ட் அளவிலிருந்து நேர்விகிதமாகப் பெருக்கி 37 ஆம்பியர் என்று முடிவுகட்டக் கூடாது. முழு வோல்டேஜில் பற்களின் இரும்பு காந்தச் செறிவடைந்து கசிவு மின்மறுப்பு குறைவதால், உண்மை மின்னோட்டம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.