எல்லைக்குள் இருந்தும் தவறும் எடை

500 கிராம் காபித்தூள் பாக்கெட் நிரப்பும் இடத்தில், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்து வரும் 5 பாக்கெட்டுகளை எடுத்து நிறுப்பார்கள். ஐந்தின் சராசரி ஒரு வரைபடத்தில் புள்ளியாகும். அதிக எடைக்கும் குறைந்த எடைக்கும் உள்ள வித்தியாசம், அதாவது வீச்சு, இன்னொரு வரைபடத்தில் ஏறும். உணவுத் தரக்கட்டுப்பாட்டுத் தேர்வில் இவற்றைக் கொடுத்து, நிரப்புதல் கட்டுக்குள் இருக்கிறதா என்று கேட்டால், எல்லைக்கோட்டைத் தாண்டிய புள்ளியை மட்டும் தேடினால் போதாது.

மொத்தச் சராசரி 502 கிராம், சராசரி வீச்சு 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தைந்தாக எடுக்கும்போது அட்டவணையில் A2 மதிப்பு 0.577. அதை 5-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 2.9. எனவே சராசரியின் எல்லைகள் 499.1, 504.9. வீச்சின் மேல் எல்லைக்கு D4 மதிப்பு 2.114, பெருக்கினால் 10.57.

வீச்சுப் படத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சராசரியின் எல்லைகளே வீச்சை வைத்துப் போட்டவை. வீச்சு நிலையாக இல்லாவிட்டால் அவற்றுக்கு அர்த்தமில்லை. ஒரு முறை எடுத்த ஐந்து எடைகள் 503, 504, 494, 505, 504. சராசரி சரியாக 502. சராசரிப் படத்தில் புள்ளி நடுக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் வீச்சு 11, எல்லைக்கு மேல். தொட்டியில் தூள் அடைத்துக்கொண்டு ஒரு பாக்கெட்டுக்குக் குறைவாக விழுந்ததா என்று பார்க்க வேண்டிய இடம் இது. இங்கே 494 என்பதை 499.1 உடன் ஒப்பிட்டுவிடக் கூடாது. அது ஐந்தின் சராசரிக்கான எல்லை, தனிப் பாக்கெட்டுக்கானது அல்ல. லேபிளில் உள்ள 500 கிராமும் கட்டுப்பாட்டு எல்லை அல்ல.

இன்னொரு நாள் வீச்சில் குறையில்லை. சராசரிகள் மட்டும் 502.5, 502.4, 502.9, 503.1, 502.6, 503.3, 502.7, 503.3 என்று வருகின்றன. ஒன்றுகூட 504.9-ஐ நெருங்கவில்லை. ஆனாலும் எட்டும் நடுக்கோட்டுக்கு மேலேயே இருக்கின்றன. எதுவும் மாறாமல் இருந்தால் ஒரு புள்ளி மேலே விழ ஏறக்குறைய பாதி வாய்ப்பு; தொடர்ந்து எட்டும் மேலேயே விழ 256-இல் ஒன்றுதான். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட கையேட்டின் விதிப்படி இது கட்டு மீறிய அறிகுறி. சில நூல்கள் 9 புள்ளி என்று வைத்திருப்பதால், கேள்வித்தாள் எந்த விதியைச் சொல்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

விடையில் காரணத்தையும் ஊகித்து எழுதலாம். திருகுத் தண்டு சுற்றித் தூளைத் தள்ளும் இயந்திரம் எடையை அல்ல, கன அளவைத்தான் அளக்கிறது. முன்னதைவிட அடர்த்தியான தூள் வந்தால், அதே சுற்றுகளில் எடை கூடிவிடும். இந்த எட்டின் சராசரி 502.85, பாக்கெட்டுக்குச் சுமார் 0.85 கிராம் கூடுதலாகப் போகிறது. புதிய தூள் எந்த நேரத்தில் தொட்டியில் கொட்டப்பட்டது என்பதையும், எட்டில் முதல் புள்ளியின் நேரத்தையும் ஒத்துப் பார்த்தபிறகே சுற்றுகளைக் குறைக்க வேண்டும்.