முதல் ஐந்து ரிவ்யூ: சின்ன வேலை, தெளிவான எல்லை

ஃபைவரில் முதலில் "எல்லா வெப்சைட் வேலையும் செய்வேன்" என்று போட்டேன். ஒரு ஆர்டர்கூட வரலை. ஒரு ரிவ்யூவும் இல்லாத ஓமலூர்க்காரனை யார் நம்புவாங்க?

பிறகு ஒன்றை மட்டும் வைத்தேன்: பாமினி எழுத்துருவில் உள்ள 10 பக்க வேர்ட் கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்பு பார்த்து, 2 நாளில் தருவது. விலை 10 டாலர். 20 சதவீதக் கமிஷன் போக 8.

கன்வர்ட்டரில் அப்படியே போட்டால் நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தாகிக் குளறும். அதைக் கையால் திருத்துவதற்குத்தான் காசு. முதல் பக்கத்தை அன்றே அனுப்பிக் காட்டுவேன். தவறு இருந்தால் அங்கேயே தெரிஞ்சிடும், ரிவ்யூவில் வராது.

நண்பர்களை ஆர்டர் போடச் சொல்லி ரிவ்யூ வாங்காதீங்க. அது விதிமீறல், கணக்கே போகலாம். ஐந்து வந்ததும் விலையை ஏற்றுங்க, எல்லையை மாத்தாதீங்க.