அரை மீட்டர் மண்சுவர் எங்கே போனது?

ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அருகே உள்ள வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022இல் அகழாய்வு செய்தது, கற்கருவிகள் கிடைத்தன. அப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பொருள் எந்தக் குழியில் கிடைத்தது என்பதே சான்று. அதனால் குழிகளின் மூலைகளை அளந்து வரைபடத்தில் சரியாக வைக்க வேண்டும். அடுத்தடுத்த குழிகளுக்கு நடுவே மண்ணடுக்கைப் பார்க்க ஒரு சுவரைத் தோண்டாமல் விடுவார்கள். அதன் அகலம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

சர்வே கருவி தரும் எக்செல் கோப்பில் பெரும்பாலும் வடக்கு முதலில், கிழக்கு அடுத்து இருக்கும். ஆட்டோகேட் கிழக்கைத்தான் முதலில் கேட்கும். வடக்குப்பட்டுப் பகுதியில், யூடிஎம் 44ஆம் மண்டலத்தில், கிழக்கு எண் ஆறு இலக்கம், வடக்கு எண் ஏழு இலக்கம். பார்த்தாலே பிரித்தறியலாம். B நிரலில் வடக்கும் C நிரலில் கிழக்கும் இருந்தால் இந்தச் சூத்திரம் போதும்:

```
=TEXT(C2,"0.000")&","&TEXT(B2,"0.000")
```

கிடைக்கும் வரிகளை நோட்பேடில் ஒட்டி, கட்டளைகளைச் சேர்த்து, `.scr` கோப்பாகச் சேமித்து, `SCRIPT` கட்டளையால் ஓட்டலாம். எடுத்துக்காட்டுக்காக, 4.5 மீட்டர் சதுரக் குழி ஒன்று:

```
OSMODE 0
_POINT 386105.000,1418200.000
_PLINE
386105.000,1418200.000
386109.500,1418200.000
386109.500,1418204.500
386105.000,1418204.500
_C
```

மற்ற மூலைகளுக்கும் ஒவ்வொரு `_POINT` வரி எழுதிக்கொள்ளலாம். கடைசி வரிக்குப் பிறகும் ஒரு என்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் `_C` ஓடாமல் நின்றுவிடும்.

முதல் வரிதான் உயிர்நாடி. ஆப்ஜெக்ட் ஸ்னாப் இயங்கும்போது, ஸ்கிரிப்ட் தரும் புள்ளி பக்கத்தில் உள்ள மூலையில் ஒட்டிக்கொள்ளலாம். கையால் தட்டச்சு செய்த எண்ணுக்கு இந்த ஆபத்து இல்லை. `OSNAPCOORD` மாறியின் இயல்பு மதிப்பு 2. அது தட்டச்சுக்கு முன்னுரிமை தருகிறது, ஸ்கிரிப்டுக்குத் தருவதில்லை. அதனால்தான் ஒரு புள்ளியைக் கையால் சோதித்துப் பார்த்தவர் எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறார்.

ஸ்னாப் எட்டும் தூரம் திரையின் பிக்சலில் கணக்கு, மீட்டரில் அல்ல. ஒரு பிக்சல் 10 செ.மீ. நிலத்தைக் காட்டும் அளவுக்குப் படம் சுருங்கியிருந்தால், 10 பிக்சல் என்பது ஒரு மீட்டர். மேற்குப் பக்கக் குழியின் மூலைகள் 386104.500இல் முன்பே வரையப்பட்டிருந்தால், நம் குழியின் மேற்கு மூலைகள் இரண்டும் அங்கே தாவும். நடுச்சுவர் படத்தில் இருக்காது. கோடுகள் நேராகவே தெரிவதால் கண்ணுக்குப் பிடிபடாது.

பரப்பு காட்டிக்கொடுக்கும். பாலிலைனைத் தேர்ந்து `LIST` கொடுத்தால் 20.25 சதுர மீட்டர் வர வேண்டும். 22.5 வந்தால் குழி மேற்கே அரை மீட்டர் நீண்டுவிட்டது. ஆனால் கிழக்கும் வடக்கும் இடம் மாறிய பிழையைப் பரப்பு காட்டாது, அப்போதும் அது 20.25தான். அதற்கு `ID` கொடுத்து ஒரு மூலையின் எண்ணைக் கோப்போடு ஒப்பிட வேண்டும்.

`PLINE` தட்டையான கோடு. மூலைகளின் மட்டமும் வேண்டுமானால், மூன்றாவது எண்ணையும் சேர்த்து `3DPOLY` பயன்படுத்த வேண்டும். வேலை முடிந்ததும் `OSMODE`-ஐப் பழைய மதிப்புக்கே திருப்பிவிடுங்கள். அடுத்து அமர்ந்து வரைபவருக்கு ஸ்னாப் தேவைப்படும்.