பழி குளூட்டன் மேல், வேலை ஃபிரக்டானுடையது

கோதுமை தின்றால் வயிறு உப்புகிறது, குளூட்டன்தான் காரணம் என்று அதை ஒதுக்கியிருந்த 59 பேரை ஆஸ்லோ ஆய்வாளர்கள் சோதித்தார்கள். யாருக்கும் சீலியாக் நோய் இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த மூன்று வகை மியூஸ்லி பார்களை ஒவ்வொரு வகையாக ஏழு நாள் தின்றார்கள். ஒன்றில் குளூட்டன், இன்னொன்றில் ஃபிரக்டான், மூன்றாவதில் இரண்டுமே இல்லை. முடிவு 2018-இல் அச்சேறியது: தொல்லை கூடியது ஃபிரக்டான் வாரத்தில்தான்!

ஃபிரக்டான் என்பது ஃபிரக்டோஸ் சர்க்கரை கோத்த சிறு சங்கிலி. அதை அறுக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அதனால் முழுசாகப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயு கிளப்புகின்றன.

வாயு எல்லோருக்கும் வரும். குடல் நரம்புகள் கூருணர்வு கொண்டவர்களுக்கு அந்தச் சின்ன விரிவே வலியாகிறது.

ஆப்பிளின் வழி வேறு. அதில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் அதிகம், கூடவே சார்பிடால். உறிஞ்சப்படாமல் தங்குபவை சிறுகுடலுக்குள் தண்ணீரை இழுக்கின்றன, வயிற்றுப்போக்கும் வரலாம்.

வெங்காயம்தான் தந்திரக்காரன். அதன் ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சாம்பாரில் வெந்த வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்து பயனில்லை, குழம்பிலேயே இறங்கிவிட்டது. எண்ணெயில் மட்டும் வதக்கி எடுத்துவிட்டால் வாசனை நிற்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி பெரும்பாலும் தொல்லை தராது.

கோதுமையை நிறுத்துமுன் சீலியாக் பரிசோதனை செய்துகொள்வது முக்கியம். நிறுத்தியபின் செய்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.