ரிமோட்டுக்குக் காது கிடையாது

ஏசி ரிமோட்டின் திரையில் 24 என்று தெளிவாகத் தெரிகிறது. பட்டனை அழுத்தினால் 23 ஆகிறது, 22 ஆகிறது. ஏசி மட்டும் அசையவே இல்லை. "டிஸ்பிளே நல்லா வருதே, அப்ப பேட்டரி சரியாத்தானே இருக்கு?" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். உடனே மெக்கானிக்குக்குப் போன் போகும். பெரும்பாலும் பழுது அந்தப் பேட்டரியில்தான் இருக்கும்.

ரிமோட்டின் திரைக்குத் தேவைப்படும் மின்சாரம் மிக மிகக் குறைவு. ஓய்ந்துபோன பேட்டரியிலும் அது மாதக்கணக்கில் எண்களைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் முனையில் இருக்கும் சின்ன எல்இடி ஏசிக்குச் செய்தி அனுப்ப, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பல நூறு மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது. பழைய பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது. அதனால் திரை தெரிவதை வைத்துப் பேட்டரியை நம்பக் கூடாது.

அந்த எல்இடி வீசுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஆனால் போன் கேமராவுக்கு அது தெரியும். செல்ஃபி கேமராவைத் திறந்து, அதற்கு நேராக ரிமோட்டைப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். எல்இடி வெளிர் ஊதா நிறத்தில் மின்னும். டிவி ரிமோட்டில் பட்டனைப் பிடித்திருக்கும் வரை மின்னிக்கொண்டே இருக்கும். ஏசி ரிமோட் ஓர் அழுத்தத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒருமுறைதான் சட்டென்று மின்னும். அதனால் நாலைந்து முறை தொடர்ந்து அழுத்திப் பாருங்கள். உங்கள் போன் அந்த ஒளியைப் பார்க்கிறதா என்பதை முதலில் டிவி ரிமோட்டை வைத்து உறுதி செய்துகொள்வது நல்லது. சில கேமராக்கள் அதை வடிகட்டிவிடும்.

மின்னவில்லை, அல்லது மங்கலாக மின்னுகிறது என்றால் இரண்டு பேட்டரியையும் ஒருசேர மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போட வேண்டாம். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொரிந்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. பஞ்சைக் கொஞ்சம் வினிகரில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது பேட்டரி போடலாம்.

நன்றாக மின்னியும் ஏசி கேட்கவில்லை என்றால் கோளாறு எதிர்ப்பக்கம் இருக்கலாம். ஏசியின் முன்மூடியைத் தூக்கினால், பெரும்பாலான மாடல்களில் ஓரமாக ஒரு சிறிய பட்டன் இருக்கும். ரிமோட் இல்லாமல் ஏசியை ஓட்டுவதற்காக வைத்தது அது. அதை அழுத்தினால் ஏசி ஓடுகிறதா? ஓடினால் மின்சாரமும் இயந்திரமும் சரி; சிக்னலை வாங்கும் ரிசீவரைத்தான் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் அறையில் இருக்கும் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒருமுறை ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். சில விளக்குகளின் மின்னணுச் சோக் ரிசீவரைக் குழப்பிவிடும். விளக்கை அணைத்ததும் ஏசி 'பீப்' என்றால் பழுது பார்க்க வேண்டியது விளக்கைத்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அணைத்த ஏசியை உடனே போட்டால், கம்ப்ரசரைக் காப்பதற்காக ஏறத்தாழ மூன்று நிமிடம் அது கிளம்பாது. 'பீப்' கேட்டு, காற்று வந்து, குளிர் மட்டும் வரவில்லையென்றால் ரிமோட்டைக் குற்றம் சொல்லாமல் காத்திருங்கள்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஏசி ரிமோட் சொல்லும், கேட்காது. டிவி ரிமோட்டில் ஒலியைக் கூட்டினால் "கூட்டு" என்ற ஒரே கட்டளைதான் போகும். ஏசி ரிமோட் பெரும்பாலும் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் குளிரா காற்றா, எத்தனை டிகிரி, எவ்வளவு வேகம் என்று மொத்த நிலவரத்தையும் சேர்த்து அனுப்புகிறது. தபால் பெட்டியில் போட்ட கடிதம் போல, அது போய்ச் சேர்ந்ததா என்று ரிமோட்டுக்குத் தெரியாது. திரையில் நாம் பார்ப்பது தான் அனுப்பியதாக ரிமோட் நினைப்பதை மட்டுமே. ஏசி உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது காட்டுவதில்லை.

டைமர் ஏமாற்றுவதும் இதனால்தான். டைமர் இரண்டு வகை. இன்னும் எத்தனை மணி நேரத்தில் அணைய வேண்டும் என்று கேட்பது ஒன்று. எந்த மணிக்கு அணைய வேண்டும் என்று கேட்பது மற்றொன்று. இரண்டாவது வகையில் ரிமோட்டுக்குள் ஒரு கடிகாரம் ஓடும். பேட்டரியை மாற்றினால் அது 0:00-க்குப் போய்விடும். இரவு 10 மணிக்குப் பேட்டரியை மாற்றுகிறீர்கள். கடிகாரத்தைத் திருத்தாமல், காலை 5:00-க்கு அணையட்டும் என்று வைக்கிறீர்கள். ரிமோட்டைப் பொறுத்தவரை 5:00 வர இன்னும் ஐந்து மணி நேரம்தான். ஏசி நள்ளிரவு தாண்டி 3 மணிக்கே நின்றுவிடும். வியர்த்து விழித்தவர் ஏசி கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

மின்வெட்டு வந்தால் நேர்மாறாக நடக்கும். பல மாடல்களில், டைமரை வாங்கிய பிறகு அதை எண்ணிக்கொண்டிருப்பது ஏசிக்குள் இருக்கும் போர்டு. கரண்ட் போய் வந்தால் ஏசி தானாக ஓடத் தொடங்கும். டைமர் மட்டும் அழிந்திருக்கும். ரிமோட்டின் திரையிலோ டைமர் குறி அப்படியே நிற்கும். விடியும் வரை ஏசி ஓடும். கரண்ட் வந்ததும் டைமரை மறுபடி வைப்பது ஒன்றே வழி. வைத்தபின் ஏசியின் முகப்பில் டைமர் விளக்கு இருந்தால் அது எரிகிறதா என்று பாருங்கள். நம்ப வேண்டியது அந்த விளக்கை.

ரிமோட் உடைந்தே போனால் கடையில் யுனிவர்சல் ரிமோட் கொடுப்பார்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான கோடுகள் இருக்கும். உங்கள் ஏசிக்கு உரியதைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் கம்பெனிக்கான எண்களை அதன் கையேட்டில் பார்த்து முதலில் அவற்றைப் போடுங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் ரிமோட்டை ஏசிக்கு நேராக நீட்டி, தேடும் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். எண்கள் தாமாக ஓடத் தொடங்கும். ஏசி 'பீப்' என்றதும் கையை எடுத்துவிடுங்கள்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஏசி ஓடிவிட்டால் கோடு சரி என்று அர்த்தமில்லை. ஒரே கம்பெனி வெவ்வேறு மாடலுக்கு வெவ்வேறு வடிவில் செய்தி அனுப்பும். பாதி பொருந்தும் கோடும் ஏசியைப் போட்டுவிடும். அணைத்துப் பாருங்கள். டிகிரியை மாற்றி, ஏசியின் முகப்பில் எண் மாறுகிறதா பாருங்கள். வெறும் காற்றுக்கு மாற்றினால் வெளியே கம்ப்ரசர் நிற்க வேண்டும். ஸ்விங் அழுத்தினால் இறக்கை அசைய வேண்டும். ஏதாவது ஒன்று தவறினாலும் தேடலைத் தொடருங்கள். சரியான எண் கிடைத்ததும் பேட்டரி மூடிக்குள் அதை எழுதி ஒட்டிவிடுங்கள். சில ரிமோட்கள் பேட்டரியைக் கழற்றினால் கோடை மறந்துவிடும்.

போனையே ரிமோட் ஆக்கலாமா என்றால், போனில் அகச்சிவப்பு எல்இடி இருக்க வேண்டும். ஷாவ்மி, ரெட்மி, போகோ போன்களில் பலவற்றில் மேல் விளிம்பில் கறுப்புப் புள்ளியாக அது இருக்கும்; ஐபோனில் கிடையாது. இல்லாதவர்கள் வைஃபை வழியாக இயங்கும் சிறிய ஐஆர் பெட்டியை வாங்கி, ஏசி இருக்கும் அறையிலேயே அதற்கு நேராகத் தெரியும்படி வைக்கலாம். இணைப்பு பாதியில் தோற்றால் முதலில் வைஃபையைப் பாருங்கள்: இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே சேரும், 5-இல் சேராது. ஊரிலிருந்தபடி ஏசியை அணைத்ததாக ஆப் காட்டினாலும், அதுவும் கடிதம் போட்ட கதைதான். அணைந்ததா என்று அதற்குத் தெரியாது.

என்னைக் கேட்டால், பழைய ரிமோட்டின் முதுகிலோ பேட்டரி மூடிக்குள்ளோ இருக்கும் மாடல் எண்ணை இன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணுள்ள ரிமோட்டை வாங்கினால் கோடு தேடும் வேலையே இல்லை. அது கிடைக்காதபோது யுனிவர்சல் ரிமோட். போனை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் கையில் கொடுக்க ஒரு ரிமோட் கட்டாயம் வேண்டும்.